இரவு மூன்று மணிக்கு ஓடும் பூனை: விளையாட்டு போதவில்லையா, நேரம் சரியில்லையா?

வாசகி கேட்கிறார்:

"எங்கள் பெண் பூனைக்கு ஒன்பது மாதம். கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அது தனியாக இருக்கிறது. நான் வந்ததும் லேசர் லைட் அடித்து இருபது நிமிடம் ஓடவிடுகிறேன். ஏழரைக்கு வயிறு நிறையச் சாப்பாடு. எட்டு மணிக்குச் சுருண்டு தூங்கிவிடும். ஆனால் இரவு இரண்டரை, மூன்று மணிக்கு எழுந்து வீடு முழுக்கப் பாய்ந்து ஓடுகிறது. கட்டிலில் குதித்துப் போர்வைக்குள் அசையும் கால்விரலைக் கடிக்கிறது. எழுந்து கொஞ்சம் டிரை ஃபுட் போட்டால் அடங்கும். ஐந்து மணிக்கு மறுபடி ஆரம்பம். குளியலறையில் பூட்டிவிடலாம் என்கிறார் கணவர். இன்னொரு குட்டி வாங்கு என்கிறாள் தோழி. தூக்கம் வரவைக்கும் சளி மருந்தில் இரண்டு சொட்டு கொடுத்தால் போதும் என்கிறார் மாமியார். பகலெல்லாம் தனியாக விடுவதற்குப் பழிவாங்குகிறதா? பூனை இரவில் விழிக்கும் பிராணி, இதை மாற்றவே முடியாதா? இரண்டு மாதமாக எங்களுக்குத் தூக்கமே இல்லை."

கால்நடை மருத்துவர் பதில்:

முதலில் பழிவாங்கல் பற்றி. அப்படி எதுவும் இல்லை. காலையில் நடந்ததை நினைத்து வைத்திருந்து இரவு மூன்று மணிக்குக் கணக்குத் தீர்க்கும் புத்தி பூனைக்குக் கிடையாது. நீங்கள் பார்ப்பது ஆரோக்கியமான ஒன்பது மாதக் குட்டியின் வேட்டைத் துடிப்பு. அது தவறான நேரத்தில் வெளியே வருகிறது. அந்த நேரத்தை அதற்குக் கற்றுக்கொடுத்ததில், தெரியாமலே, உங்கள் பங்கும் இருக்கிறது. அதனால்தான் இதை மாற்ற முடியும் என்று துணிந்து சொல்கிறேன்.

பூனையை இரவு விலங்கு என்று பலரும் சொல்வதுண்டு. சரியாகச் சொன்னால் அது அந்தி விலங்கு. அதன் சுறுசுறுப்பு இரண்டு வேளைகளில் உச்சத்துக்குப் போகும்: பொழுது சாயும்போது ஒருமுறை, விடிவதற்கு முன் ஒருமுறை. எலியும் சிறு பறவைகளும் நடமாடும் வேளைகள் அவை. மற்ற நேரங்களில் பூனை துண்டு துண்டாகத் தூங்கும். நம்மைப் போல ஒரே நீட்டாகத் தூங்கும் வழக்கம் அதற்கு இல்லை. இந்த உச்சங்களை முழுதாக அழிக்க முடியாது. ஆனால் மனிதரோடு வாழும் பூனை, வீட்டில் எப்போது சாப்பாடு வருகிறது, எப்போது ஆட்கள் நடமாடுகிறார்கள் என்பதைப் பார்த்துத் தன் நேரத்தை நிறையவே நகர்த்திக்கொள்ளும். நமக்குத் தேவை அந்த நெகிழ்வுதான்.

இப்போது உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். மாலை ஆறரைக்கு ஓட்டம், ஏழரைக்கு நிறைய சாப்பாடு, எட்டு மணிக்குத் தூக்கம். இரண்டரை மணிக்குள் உங்கள் பூனை ஆறரை மணி நேரம் ஓய்வெடுத்து முடித்துவிடுகிறது. வயிறும் காலி. விடியலுக்கு முந்தைய உச்சமும் நெருங்குகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடும்போது அது ஓடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீங்கள் விளையாட்டில் குறை வைக்கவில்லை. இருபது நிமிடம் என்பது பலர் கொடுப்பதைவிட அதிகம். சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: விளையாட்டு சீக்கிரமே முடிந்துவிடுகிறது; அது முழுமையாகவும் முடியவில்லை.

லேசர் லைட் ஏன் போதாது

பூனையின் வேட்டைக்கு ஒரு வரிசை உண்டு. உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், பாயும், பிடிக்கும், பற்களால் இறுக்கும், தின்னும். தின்று முடித்ததும் பாதத்தை நக்கி, அந்த ஈரப் பாதத்தால் முகத்தைத் துடைத்து, உடம்பெல்லாம் நக்கிச் சுத்தம் செய்து, பிறகு சுருண்டு படுக்கும். இதில் ஒன்று அடுத்ததை இழுத்துவரும். தூக்கம் வருவது ஓடிக் களைத்ததால் மட்டும் அல்ல, வரிசை முடிந்ததாலும்தான்.

லேசர் புள்ளியை எந்தப் பூனையும் பிடித்ததில்லை. பாதத்தை அழுத்தி, தூக்கிப் பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது. துரத்தலோடு வரிசை அறுந்துபோகிறது. சில பூனைகள் லைட்டை அணைத்த பிறகும் சுவரையே தேடிக்கொண்டிருக்கும். நிழலையும் கண்ணாடி எதிரொளியையும் துரத்தத் தொடங்கும். உங்கள் பூனையும் அப்படிச் செய்தால் லேசரை இன்றே நிறுத்திவிடுங்கள். அப்படி இல்லையென்றால் எப்போதாவது பயன்படுத்தலாம். கண்ணில் படக்கூடாது, கடைசியில் புள்ளியை ஒரு துணி எலியின் மேலோ தின்பண்டத்தின் மேலோ கொண்டுபோய் நிறுத்தி, அதை அது வாயால் கவ்வும்படி விட வேண்டும்.

விளையாட்டு உண்மையில் வேட்டைக்கு ஈடு ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுக்கு ஆகும். வெளியே போய் வேட்டையாடும் பூனைகளை வைத்து இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். உரிமையாளர்கள் தினமும் 5 முதல் 10 நிமிடம் பொம்மையோடு விளையாட்டுக் காட்டிய வீடுகளில், பூனைகள் பிடித்துக்கொண்டு வந்த இரை சுமார் 25 சதவீதம் குறைந்தது. 2021-இல் வெளியான ஆய்வு இது. பத்து நிமிடத்துக்கே இவ்வளவு பலன் இருக்கிறது.

இரவு விளையாட்டை எப்படி நடத்துவது

தூண்டில் பொம்மை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியில் கயிறு, கயிற்றின் நுனியில் இறகோ துணியோ கட்டியிருக்கும். நீங்கள் படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஆரம்பியுங்கள். பதினொரு மணிக்குப் படுப்பவர் என்றால் பத்து மணிக்கு.

பலரும் பொம்மையைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவார்கள். எந்த எலி தானாக வந்து பூனையின் மூக்கில் இடிக்கும்? இரை விலகித்தான் போகும். பொம்மையை எப்போதும் பூனையிடமிருந்து விலகும் திசையில் இழுங்கள். திரைச்சீலைக்குப் பின்னால் பாதி மறையவிடுங்கள். சோபாவின் மூலையில் நிறுத்தி, நுனியை மட்டும் லேசாகத் துடிக்கவிடுங்கள். அந்த நேரத்தில் பூனையைக் கவனியுங்கள்: காதுகள் முன்னால் திரும்பும், கருவிழி அகன்று கண் கறுத்துவிடும், முன் உடம்பு தரையோடு ஒட்டும், பின்பகுதி இடமும் வலமும் ஆடும். அப்படி ஆடினால் அடுத்த நொடி பாயப்போகிறது என்று அர்த்தம். அவசரப்பட்டு பொம்மையை இழுக்காதீர்கள். அது பதுங்கி உட்கார்ந்திருக்கும் அரை நிமிடமும் விளையாட்டுதான். ஓடினால் மட்டுமே விளையாட்டு என்று எண்ணி, பதுங்கும் பூனையைப் பார்த்து 'சலித்துவிட்டது போல' என்று பொம்மையை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் அதிகம்.

பூனை நெடுந்தூரம் ஓடும் பிராணி அல்ல. குறுகிய வேகப் பாய்ச்சலுக்கு அமைந்த உடம்பு அதற்கு. ஓரிரு நிமிடம் பாய்ந்துவிட்டுச் சாய்ந்து படுக்கும், மூச்சு வாங்கும், மறுபடி வரும். அந்த இடைவெளிகளையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் போதும். களைத்து விழும்வரை ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். நாயைப் போல வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே நிறுத்துங்கள். லேசான விளையாட்டுக்கே அப்படி இரைத்தால், அல்லது அடிக்கடி இரைத்தால், இதயத்தையும் நுரையீரலையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பாதியில் ஆர்வம் குறைந்தால் விளையாட்டை முடிக்காமல் பொம்மையை மாற்றிப் பாருங்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜான் பிராட்ஷாவும் அவர் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்கள். ஒரே பொம்மையை மறுபடி மறுபடி காட்டியதும் பூனைகள் அதை விட்டுவிட்டன. சில நிமிடங்களில் வேறு நிறமும் வாசனையும் உள்ள பொம்மையைக் கொடுத்ததும், முதலில் பாய்ந்ததைவிட வேகமாகப் பாய்ந்தன. பூனைக்குச் சலித்தது அந்தப் பொம்மைதான், ஆட்டம் அல்ல. இரண்டு, மூன்று நுனிகள் மாற்றி மாட்டும்படியான தூண்டில் இருந்தால் வசதி.

கடைசி ஐந்து நிமிடம்தான் முக்கியம். அடிபட்ட இரை ஓய்ந்து போவது போல பொம்மையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பூனை அதைப் பிடிக்கட்டும். முன்கால்களால் கட்டிக்கொண்டு பின்கால்களால் உதைக்கும், உதைக்கட்டும். பிடுங்காதீர்கள். இரண்டு, மூன்று முறை அப்படிப் பிடிக்க விட்டு, கடைசிப் பிடிக்குப் பின் அதே அறையில், உடனே, சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். அரை மணி நேரம் கழித்து வைத்தால் வரிசை அறுந்துவிடும். அது தின்று முடித்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தின்றதும் மறுபடி உங்கள் காலைச் சுற்றிப் பாய்ந்தால், விளையாட்டு குறைவு அல்லது தணிக்காமல் திடீரென நிறுத்திவிட்டீர்கள்.

முடிந்ததும் தூண்டிலை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கிய முட்கள் உண்டு. கயிறு வாய்க்குள் போனால் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். விழுங்கிய கயிறு ஒரு முனையில் மாட்டிக்கொண்டு குடலைச் சுருக்கிவிட்டால் அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கையையும் பொம்மையாக்க வேண்டாம். குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டி விளையாடிய வீடுகளில்தான் பின்னால் கால்விரல் கடி அதிகம் வருகிறது.

சாப்பாட்டை நகர்த்துங்கள், கூட்டாதீர்கள்

கருத்தடை ஆன பூனைக்கு உடம்பு சீக்கிரம் போடும். அதனால் இரவுச் சாப்பாட்டைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். இப்போது ஒரு நாளைக்குக் கொடுக்கும் மொத்த அளவை ஐந்து பங்காகப் பிரியுங்கள். காலையில் கிளம்பும் முன் ஒன்று. மாலை வந்ததும் ஒன்று, கூடவே இரண்டு, மூன்று நிமிடம் ஒரு பந்து விளையாட்டு. நாள் முழுக்க உங்களுக்காகக் காத்திருந்த பூனையை அப்படியே விட்டுவிடக் கூடாது. இரவு விளையாட்டுக்குப் பின் இரண்டு பங்கு. மிச்சம் ஒரு பங்கு விடியற்காலைக்கு.

அந்த விடியற்காலைப் பங்கை நீங்கள் எழுந்து வைக்கக் கூடாது. நேரம் வைத்தால் தானாக மூடி திறக்கும் தட்டு கிடைக்கிறது. படுக்கையறையிலிருந்து தள்ளி வைத்து, முதலில் நான்கரை மணிக்குத் திறக்கும்படி அமையுங்கள். அது திறக்கும் சத்தத்துக்காகப் பூனை காத்திருக்கப் பழகிவிடும், உங்களுக்காக அல்ல. ஒரு வாரம் அமைதியாகப் போனால் ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடமாக நேரத்தை ஐந்தரை, ஆறு மணி நோக்கித் தள்ளுங்கள். ஓட்டம் திரும்பி வந்தால் தள்ளியது வேகம் என்று அர்த்தம். சற்றுப் பின்னுக்கு வந்து நில்லுங்கள்.

மூன்று மணிக்கு எழுந்து போடும் அந்தக் கொஞ்சம் டிரை ஃபுட்

சொல்வது கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: உங்கள் பூனைக்கு இரவில் கிடைக்கும் மிகச் சிறந்த வெகுமதி அதுதான். 'ஓடினேன், கடித்தேன், எழுந்தாள், சோறு வந்தது' என்பது அதன் கணக்கு. திட்டினாலும் அதே கணக்குதான். ஒன்பது மணி நேரம் தனியாக இருந்த பூனைக்குத் திட்டும் ஒருவகையில் கவனிப்பே. தண்ணீர் தெளிப்பது, கத்துவது எல்லாம் அதற்கு உங்கள் மேல் பயத்தைத்தான் வளர்க்கும், நேரத்தைக் கற்றுக்கொடுக்காது.

புதிய நடைமுறை தொடங்கிய பின், இரவில் அது என்ன செய்தாலும் எழாதீர்கள், பேசாதீர்கள், கண்ணைக்கூடத் திறக்காதீர்கள். கால்விரல் அசைந்தால்தான் பாயும். கனமான போர்வைக்குள் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் நிலைமை இன்னும் மோசமாகும். இத்தனை நாள் பலித்த உபாயம் பலிக்காதபோது அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பது இயல்பு. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. ஐந்தாவது நாள் பொறுக்க முடியாமல் ஒரு கைப்பிடி போட்டுவிட்டால், 'ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும்' என்று அது கற்றுக்கொள்ளும். அதன்பின் அடக்குவது இரட்டிப்புக் கடினம். அதனால் நீங்கள் இருவருமே உறுதியாக இருக்கக்கூடிய நாட்களாகப் பார்த்து ஆரம்பியுங்கள். ஒருவர் மசிந்தாலும் போதும், எல்லாம் வீண்.

வீட்டார் சொன்ன மூன்று யோசனைகள்

மாமியாரிடம் பக்குவமாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடுங்கள்: மனிதர்களுக்கான எந்த மருந்தும் வேண்டாம். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பேறி, மூச்சு முட்டும். ஒரே மாத்திரை உயிரை எடுக்கலாம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் இந்தப் பதிலை மேலே படிக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

குளியலறையில் பூட்டுவதில் உங்கள் கணவர் கேட்பது நியாயம், இடம்தான் சரியில்லை. குளிர்ந்த வெறும் தரையில் துடிப்போடு அடைபட்ட பூனை கதவைப் பிறாண்டும், கத்தும், பிறகு அந்த அறையையே வெறுக்கும். பதிலாக உங்கள் படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். மீதி வீட்டில் லிட்டர் பாக்ஸ், தண்ணீர், ஏறி உட்கார உயரமான இடம், படுக்க ஒரு மெத்தை இருந்தால் அது கொடுமை ஆகாது. இரவு விளையாட்டும் சாப்பாடும் முடிந்த பிறகே சாத்த வேண்டும். ஒரு நாள் சாத்துவது, ஒரு நாள் திறப்பது என்று இருக்கக் கூடாது. கடி பலமாக இருந்தால், அல்லது மறுநாள் தெளிந்த தலையோடு வண்டி ஓட்ட வேண்டியிருந்தால், முதல் நாளிலிருந்தே கதவைச் சாத்துவதுதான் என் யோசனை.

இன்னொரு குட்டி விஷயத்தில் உங்கள் தோழி முழுக்கத் தவறு இல்லை. சேர்ந்தே வளரும் இரண்டு குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டு துடிப்பைத் தீர்த்துக்கொள்ளும். ஆனால் அறிமுகம் என்பது பல வாரம் பிடிக்கும் வேலை. ஒத்துப்போகாமல் போகவும் வாய்ப்புண்டு. ஒத்துப்போனாலும் முதல் வருடம் மூன்று மணிக்கு ஓடும் பூனை ஒன்றுக்கு இரண்டாகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு பூனைகளை வளர்க்க உண்மையில் ஆசை இருந்தால் வளருங்கள். தூக்கத்துக்கு மருந்தாக வேண்டாம்.

எப்போது இது விளையாட்டு அல்ல

நீங்கள் எழுதியதில் நோயின் சாயல் எனக்குத் தெரியவில்லை. சாப்பிடுகிறது, தூங்குகிறது, ஓட்டம் ஒரே நேரத்தில் வருகிறது, உணவு கிடைத்ததும் அடங்குகிறது. ஆனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். லிட்டர் பாக்ஸிலிருந்து வெளியே வந்ததும்தான் ஓட்டம் என்றால், அதோடு முக்கலும் அடிக்கடி போய் உட்கார்வதும் இருந்தால், சிறுநீர்ப் பாதையையோ மலச்சிக்கலையோ பார்க்க வேண்டும். முதுகுத் தோல் அலையலையாகத் துடித்து, திரும்பித் தன் வாலையோ இடுப்பையோ கடித்துக்கொண்டு ஓடினால், தெள்ளுப்பூச்சி, தோல் ஒவ்வாமை, நரம்புக் கோளாறு என்று காரணங்கள் இருக்கலாம். ரோமத்தைப் பிரித்துப் பார்த்து, கறுப்புப் பொடியாக ஏதாவது இருந்தால் ஈரத் துணியில் வைத்துத் தேயுங்கள்; செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். கருத்தடைக்குப் பிறகும் தரையில் உருண்டு, பின்பகுதியைத் தூக்கி, நீளமாகக் கத்தினால் சூலகத்தின் துண்டு எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள். அரிதுதான், ஆனால் உண்டு. இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருடைய பூனையாவது பத்து வயது தாண்டி, புதிதாக இரவில் கத்தித் திரிந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தைராய்டும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டிய வயது அது.

உங்கள் பூனைக்கு இரண்டு, மூன்று வாரம் இந்த நடைமுறையைக் கொடுங்கள். தினமும் ஓட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று மட்டும் குறித்து வாருங்கள். மூன்று மணி நான்கானாலே, அரை மணி ஓட்டம் பத்து நிமிடமானாலே வழி சரி. ஒரேயடியாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு வயதுக்குள் துடிப்பு தானாகவும் குறையும். மூன்று வாரத்துக்குப் பிறகும் குறிப்பில் எந்த மாற்றமும் இல்லையென்றால், ஓட்டத்தை ஒரு வீடியோ எடுத்து, அந்தக் குறிப்போடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். மருத்துவமனை மேஜையில் பூனை சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். வீடியோ இல்லாமல் அவருக்கு எதுவும் புரியாது.